போட்டோவில் வந்த ரீசனிங் தாள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் இப்படி ஒரு படம் வந்து விழும். ஏதோ ஒரு பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வுத் தாள், கைப்பேசியில் அவசரமாக எடுக்கப்பட்டிருக்கும். தாளின் நடுவே மடிப்பு, ஓரத்தில் கைநிழல், வலப்பக்கம் கொஞ்சம் வெட்டு. கீழே ஒரு வரி: "யாராவது ஆன்சர் சொல்லுங்க." பத்துப் பேர் பதில் சொல்வார்கள், அதில் நான்கு விதமான விடை இருக்கும். ரீசனிங் தெரியாததால் இந்தக் குழப்பம் வருவதில்லை. பல நேரங்களில் ஆளுக்கு ஒரு கேள்வியைப் படித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அப்படி ஒரு பக்கத்தில் எண் தொடர், கோடிங்-டீகோடிங், சீட்டிங் அரேஞ்ச்மென்ட் மூன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். படம் கெட்டுப்போனால் இந்த மூன்றும் ஒரே மாதிரி கெடுவதில்லை. ஒன்று தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும். இன்னொன்று பிழையை ஓர் எழுத்துக்குள் அடக்கிவிடும். மூன்றாவது, பிழை இருப்பதே தெரியாமல் ஒரு தவறான விடையை முழு நம்பிக்கையோடு எடுத்துத் தரும்.

முதலில் எண் தொடர். மங்கலான படத்தில் ஒருவருக்குத் தெரிவது இது:

4, 9, 20, 48, 90, ?

அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எழுதிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் வேலை. இங்கே 5, 11, 28, 42 என்று வருகிறது. 5-ஐ இரட்டித்து ஒன்று கூட்டினால் 11. 11-ஐ இரட்டித்து ஒன்று கூட்டினால் 23 வர வேண்டும், வந்திருப்பதோ 28. அடுத்து 47 வர வேண்டும், வந்திருப்பது 42. இந்த இடத்தில் பலர் விதியையே கைவிட்டு வேறு விதி தேடப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகாமல் அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது எதிர்பார்த்ததைவிட 5 அதிகம், இரண்டாவது சரியாக 5 குறைவு. 28-ஐயும் 42-ஐயும் கூட்டினால் 70. 23-ஐயும் 47-ஐயும் கூட்டினாலும் அதே 70.

இது தற்செயல் இல்லை. தொடரின் நடுவில் ஓர் எண் 5 கூடிவிட்டால், அதற்கு முந்தைய இடைவெளி 5 கூடும், பிந்தைய இடைவெளி 5 குறையும். கூட்டிலும் குறைவிலும் ஒரே அளவு தெரிந்தால், அந்த இரண்டு இடைவெளிகளுக்கும் நடுவில் நிற்கும் எண்தான் கோளாறு. அதாவது 48 என்று படித்தது உண்மையில் 43. மங்கலான படத்தில் 3-ம் 8-ம் ஒன்று போலத் தெரிவது எல்லோருக்கும் பழக்கம்தானே. கடைசி இடைவெளி 47 என்றால் அடுத்தது 95, ஆக விடை 185. கணினி இல்லாத காலத்தில் மடக்கை அட்டவணைகளைத் தயாரித்தவர்கள் ஆயிரக்கணக்கான எண்களுக்கு நடுவே பிழையைக் கண்டுபிடித்ததும் இதே வித்தியாச முறையில்தான்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. மங்கியது கேள்விக்குறிக்கு முந்தைய கடைசி எண்ணாக இருந்தால், கெடுவது ஒரே ஓர் இடைவெளிதான். 90-ஐ 96 என்று படித்துவிட்டால் 5, 11, 23, 53 என்று வரும். 53-க்கு ஈடாகக் குறையும் எண் எதுவும் அடுத்த பக்கத்தில் இல்லை. அப்போது துணைக்கு வருவது விடைத் தெரிவுகள். 47 என்று வைத்துக் கணக்கிட்ட 185 தெரிவுகளில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் விதி சரியென்று ஏறக்குறைய உறுதி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வங்கித் தேர்வுகளில் 'தொடரில் தவறான எண் எது' என்றே ஒரு வகை கேட்கப்படுகிறது. அங்கே 48 அச்சிலேயே இருக்கும், அதுவே விடையும்கூட. ஆகவே எண்களுக்கு மேலே இருக்கும் கேள்வி வாக்கியமும் படத்தில் விழுந்திருக்க வேண்டும்.

கோடிங்-டீகோடிங்கில் இத்தனை சிரமம் இல்லை. PLANT என்பதன் குறியீடு QNDRY என்றால் STONE என்பதன் குறியீடு என்ன என்று கேள்வி. படத்தில் முதல் எழுத்தான Q-வின் வால் மறைந்து O என்று தெரிகிறது. ஒவ்வோர் எழுத்தும் எத்தனை இடம் நகர்ந்திருக்கிறது என்று எண்ணினால், L இரண்டு இடம் தள்ளி N ஆகியிருக்கிறது, A மூன்று தள்ளி D, N நான்கு தள்ளி R, T ஐந்து தள்ளி Y. முதல் எழுத்து மட்டும் ஓர் இடம் பின்னால் போயிருக்கிறது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறும் வரிசைக்கு முன்னால் ஒன்றுதான் நிற்க முடியும், ஆகவே அது Q. அதே விதியில் STONE, TVRRJ ஆகும். எண் தொடரில் ஒரு பிழை இரண்டு இடைவெளிகளைக் கெடுத்தது. இங்கே ஒவ்வோர் எழுத்தும் தன் கணக்கைத் தானே வைத்திருக்கிறது, பிழை பக்கத்து எழுத்துக்குப் பரவுவதில்லை. கேள்வியில் வரும் PLANT, STONE போன்றவை அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் அவற்றில் ஓர் எழுத்து மங்கினாலும் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஊகிக்க முடியாதது குறியீட்டுப் பக்கம்தான்.

இனி சீட்டிங் அரேஞ்ச்மென்ட். பல வங்கித் தேர்வுகளின் முதல்நிலையில் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம். ஒரே புதிருக்குக் கீழே ஐந்து கேள்விகள் வரை தொங்குவது வழக்கம். ஒரு வரியைத் தவறாகப் படித்தால் ஐந்தும் போகும், தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண்ணும் கழியும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

அருண், பானு, சேகர், தேவி, ஈஸ்வரி, குமார் ஆறு பேரும் ஒரு வட்ட மேசையைச் சுற்றி, மையத்தை நோக்கி அமர்ந்திருக்கிறார்கள். அருணுக்கு நேர் எதிரே தேவி. அருணுக்கு இடப்புறம் இரண்டாவதாகப் பானு. சேகர் பானுவின் பக்கத்தில் அமர்ந்திருக்கவில்லை. தேவிக்கு உடனடி இடப்புறம் ஈஸ்வரி.

ஆறு நாற்காலிகளையும் கடிகாரத்தின் 12, 2, 4, 6, 8, 10 என்ற இடங்களில் வைத்தால் வேலை சுலபம். அருணை 12-ல் உட்கார வைக்கிறோம், தேவி 6-ல். மையத்தைப் பார்த்து உட்கார்ந்தவரின் இடப்புறம் கடிகார முள் செல்லும் திசை. எனவே அருணின் இடப்புறம் இரண்டாவது இடமான 4-ல் பானு, தேவியின் உடனடி இடப்புறமான 8-ல் ஈஸ்வரி. மிச்சம் 2-ம் 10-ம். சேகர் 2-ல் இருந்தால் பானுவின் பக்கத்தில் வந்துவிடுவார், ஆகவே அவர் 10-ல். குமார் 2-ல். கேள்விகள் இரண்டு: பானுவுக்கு எதிரே யார்? தேவிக்கும் சேகருக்கும் நடுவில் யார்? விடை முறையே சேகர், ஈஸ்வரி.

இப்போது படத்தைக் கெடுப்போம். கடைசி வரி விழவில்லை என்றால் என்ன ஆகும்? சேகர் 8-லோ 10-லோ இருக்கலாம், மற்ற இருவரும் மிச்ச இடங்களில் மாறி மாறி உட்காரலாம், மொத்தம் நான்கு அமைப்புகள். ஆனால் இரண்டாவது கேள்வி ஒரு விஷயத்தை வெளியே விட்டுவிடுகிறது. தேவிக்கும் சேகருக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார் என்று கேள்வியே சொல்கிறது. சேகர் 8-ல் இருந்தால் தேவியை ஒட்டி உட்கார்ந்திருப்பார், நடுவில் யாரும் இருக்க முடியாது. ஆகவே அவர் 10-ல். முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு ஈஸ்வரியா குமாரா என்பது தெரியாது, எவ்வளவு யோசித்தாலும் தெரியப்போவதில்லை. வரி விடுபட்டால் இப்படித் தடுமாற்றமாவது வரும், ஏதோ குறைகிறது என்று புரியும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் வாலில்தான் வரும். 'அமர்ந்திருக்கவில்லை' என்பதில் 'கவில்லை' படத்தின் வலது ஓரத்தில் வெட்டுப்பட்டால், 'சேகர் பானுவின் பக்கத்தில் அமர்ந்திருக்' என்று நிற்கும். கண் தானாகவே 'கிறார்' சேர்த்துப் படித்துவிடும். படித்தால் என்ன ஆகும்? பானுவின் பக்கத்தில் காலியாக இருப்பது 2 மட்டுமே. சேகர் அங்கே, குமார் 10-ல். ஆறு பேரும் பொருந்துகிறார்கள், ஒரு முரணும் இல்லை. பானுவுக்கு எதிரே குமார், தேவிக்கும் சேகருக்கும் நடுவில் பானு. இரண்டு கேள்விக்கும் விடை வருகிறது, இரண்டுமே தவறு. கேள்வியும் காட்டிக்கொடுக்கவில்லை, தெரிவுகளில் ஆறு பேரின் பெயர்கள்தான் இருக்கும் என்பதால் அவையும் காட்டிக்கொடுக்காது. எண் தொடரில் ஒரு பிழை இவ்வளவு அமைதியாக ஒளிந்துகொள்ள வாய்ப்புக் குறைவு. அதனால்தான் இந்தப் புதிரில் எந்த வரி முழு வினைச்சொல்லில் முடியவில்லையோ, அந்த வரியோடு போடத் தொடங்கவே கூடாது. குழுவில் திரும்பக் கேட்டு வாங்குவதுதான் ஒரே வழி.

இதற்கு நேர்மாறாக, பலர் தேவையில்லாமல் பயப்படும் இடம் மேல் வரி. 'மையத்தை நோக்கி' என்ற சொற்கள் மடிப்பில் மறைந்துவிட்டால், உள்ளே பார்க்கிறார்களா வெளியே பார்க்கிறார்களா என்று பெரிய சண்டையே நடக்கும். மேலே உள்ள புதிரையே எல்லோரும் வெளியே பார்ப்பதாக வைத்துப் போட்டுப் பாருங்கள். பானு 8-க்குப் போவார், ஈஸ்வரி 4-க்கு, சேகர் 2-க்கு, குமார் 10-க்கு. கண்ணாடியில் பார்த்தது போல முழு வட்டமும் திரும்பிவிட்டது. ஆனாலும் பானுவுக்கு எதிரே சேகர்தான், தேவிக்கும் சேகருக்கும் நடுவில் ஈஸ்வரிதான். சேகருக்கு உடனடி வலப்புறம் யார் என்று கேட்டால்கூட இரண்டு படத்திலும் ஈஸ்வரிதான் வருவார், ஏனென்றால் குறிப்புகளில் இடம் வலம் திரும்பியபோது கேள்வியில் உள்ள வலமும் கூடவே திரும்பிவிடுகிறது.

எல்லோரும் ஒரே மாதிரிப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வரை இது பொருந்தும். கேள்வியில் 'கடிகாரச் சுற்றில்' என்ற சொல் வந்தால் பொருந்தாது. சேகரிலிருந்து கடிகாரச் சுற்றில் அடுத்தவர், உள்ளே பார்க்கும் படத்தில் அருண், வெளியே பார்க்கும் படத்தில் ஈஸ்வரி. சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் பார்க்கும் வகையாக இருந்தால், மறைந்த அந்த வரி இல்லாமல் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த முடியாது. குறிப்புகளில் 'ஒரே திசையை நோக்கி', 'எதிர்த் திசையை நோக்கி' என்ற சொற்கள் எங்காவது கண்ணில் பட்டால், அந்தத் தாள் அந்த வகை. அப்போது மேல் வரி தெரியும்படி இன்னொரு படம் கேட்டு வாங்கிய பிறகே பேனாவை எடுக்கலாம்.