கண்ணாடிக்குக் கனம் எத்தனை?

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள தாழ்ந்த மேஜை ஒன்று உண்டு. அதற்கு மரத்தாலான மேற்பலகை கிடையாது. நான்கு கால்களின் உச்சியிலும் ஒவ்வொரு ரப்பர் வில்லை, அந்த வில்லைகளின் மேல் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். சென்ற கோடை விடுமுறையில் ஊரிலிருந்து வந்திருந்த என் தங்கையின் பிள்ளைகள் இருவர் கூடத்திலேயே கிரிக்கெட் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். பிறகு நடந்ததை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். தெய்வாதீனமாக யாருக்கும் காயம் இல்லை.

உடைந்த சில்லுகளைப் பெருக்கி எடுத்த என் மனைவி, உள்ளங்கை அகலமுள்ள ஒரு துண்டை மட்டும் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். "கடைக்காரனிடம் காட்ட வேண்டாமா?" என்றாள். இருபது வருஷங்களாகப் பௌதிகம் போதித்து வருகிறவனுக்கு ஒரு கண்ணாடியின் கனத்தைச் சொல்ல மாதிரித் துண்டு எதற்கு என்பது என் அபிப்பிராயம். கண்ணாடிக் கடைக்குப் போய், "நான்குக்கு இரண்டு, கால் அங்குலக் கனம்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடி வந்தது. பணத்தைக் கொடுப்பதற்கு முன் அளந்து பார்த்துவிடலாம் என்று பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலையிலிருந்து வெர்னியர் காலிபர் ஒன்றைக் கொண்டு வந்தேன். பள்ளிப் பாடத்தில் படித்து மறந்தவர்களுக்காக அதன் வரலாற்றைச் சற்றுச் சொல்கிறேன். பியேர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631-ஆம் ஆண்டில் வெளியிட்ட யுக்தி அது. பிரதான அளவுகோலில் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். அதன்மேல் நகரும் சிறு சட்டத்தில், ஒன்பது மில்லிமீட்டர் நீளம் பத்துச் சம பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆகவே சிறு சட்டத்தின் ஒவ்வொரு பாகமும் ஒரு மில்லிமீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சிறு சட்டத்தின் எத்தனையாவது கோடு, பிரதான அளவுகோலின் ஏதேனும் ஒரு கோட்டோடு நேராக ஒட்டி நிற்கிறதோ, அத்தனை பத்தில் ஒரு பங்குகளை முழு மில்லிமீட்டரோடு கூட்டிக் கொள்ள வேண்டியது.

அளப்பதற்கு முன் தாடைகள் இரண்டையும் வெறுமனே சேர்த்து மூடிப் பார்த்தேன். சிறு சட்டத்தின் சூன்யக் கோடு, அளவுகோலின் சூன்யத்துக்குச் சற்று வலப்புறம் தள்ளி நின்றது. முதல் கோடுதான் நேராகப் பொருந்தியது. மாணவர்களின் கையில் பல வருஷம் அடிபட்ட கருவி அல்லவா? இடையில் ஒன்றுமே இல்லாதபோது அது 0.1 மில்லிமீட்டர் என்று பொய் சொல்லிற்று. அந்தப் பொய்யை ஒவ்வோர் அளவிலிருந்தும் கழித்துவிட்டால் தீர்ந்தது.

கண்ணாடியை அளப்பதில் இரண்டொரு சூட்சுமங்கள் உண்டு. மேஜைக் கண்ணாடியின் விளிம்பைக் கை அறுக்காதபடி சாணை பிடித்துச் சரிவாக்கி இருப்பார்கள். தாடையின் நுனி அந்தச் சரிவில் பட்டால் கனம் குறைவாகக் காட்டும். ஆகையால் சரிவைத் தாண்டிச் சமதளத்தில் தாடை படியும்படி உள்ளே நுழைக்க வேண்டும். காலிபர் சாய்ந்திருந்தாலோ கனம் கூடுதலாகக் காட்டும். கருவியை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்து, கிடைக்கும் அளவுகளில் மிகக் குறைந்ததை எடுத்துக் கொள்வதே முறை. ஒட்டிய காகிதத்தின் பசையோ, ஒரு மணல் பொடியோ இடையில் இருந்தாலும் கணக்குப் பிசகும். துடைத்துவிட்டு நான்கு பக்கமும் அளந்தேன். எல்லா இடத்திலும் 5.9, பொய்யைக் கழித்தால் 5.8.

ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். கால் அங்குலம் என்றால் 6.35 இருக்க வேண்டும். வந்திருப்பதோ 5.8. ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு கண்ணாடியைக் கடைக்காரர் விழுங்கிவிட்டார்! காலிபரையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். கோபம் வந்தவனுக்கு வெயில் தெரியாது என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

கடையில் கண்ணாடி அறுக்கும் பெரியவர் நான் பேசி முடிக்கும் வரையில் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஐயா, உங்கள் கருவியைச் சற்றுக் கொடுங்கள்" என்று வாங்கி, சுவரில் சாய்த்திருந்த முழுப் பலகைகளை வரிசையாகப் பிடித்துக் காட்டினார். தொழிற்சாலையின் சீட்டில் '6' என்று போட்டிருந்த பலகைகள் எல்லாம் 5.8, 5.9 என்றே அளந்தன. '5' என்றவை 4.8, 4.9. "கால் அங்குலம் என்று நாங்கள் சொல்வது பழைய வாய்ப்பழக்கம். வருவது ஆறு மில்லிமீட்டர்தான்" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அமெரிக்க நாட்டுத் தர விதிகளில் கால் அங்குலக் கண்ணாடி என்று பெயர் பெற்றது, 5.56 முதல் 6.20 மில்லிமீட்டர் வரையில் இருக்கலாம். அதாவது அந்தப் பெயருக்குரிய 6.35-ஐ அது ஒருநாளும் எட்டவே எட்டாது! ஐரோப்பிய விதிகளின்படி 6 மில்லிமீட்டர் வரையிலுள்ள சாதாரணக் கண்ணாடிக்கு 0.2 கூடலாம், குறையலாம். 8, 10, 12 ஆகியவற்றுக்கு 0.3. இன்று நாம் வாங்கும் தட்டைக் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனியார் 1959-ல் உலகுக்கு அறிவித்த முறை அது. வெள்ளீயத்தின்மேல் தானாகப் பரவும் கண்ணாடி ஆறு ஏழு மில்லிமீட்டர் கனத்தில் நின்றுவிடும். அதைவிட மெல்லியதாக வேண்டுமானால் இழுத்து நீட்டுகிறார்கள். கனமாக வேண்டுமானால் பரவவிடாமல் ஓரங்களில் தடுக்கிறார்கள். இப்படி ஓடிக்கொண்டே இருக்கும் பலகையில் பத்தில் இரண்டு பங்கு சலுகை இருந்தால், தயாரிப்பவர் மேல்பக்கமாகவா நிற்பார்?

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்ப இருந்தேன். பெரியவர் விடவில்லை. "முன்பிருந்த கண்ணாடியில் ஒரு துண்டு இருக்கிறதா?" என்று கேட்டார். பரண்மேல் இருந்த துண்டின் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து, தடித்த துணியால் பிடித்து அந்தத் துண்டை மேஜையின் ஓரத்தில் சற்று நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து அளந்தேன். உடைந்த சில்லைக் கையில் பிடித்துக்கொண்டு அளப்பது விரலுக்கு ஆகாது. உடைந்த பக்கத்தில் கூரிய சிம்பு நிற்கும். அதை விட்டு உள்ளே தள்ளித் தாடையை வைக்க வேண்டும். அளவு 7.9, பொய் போக 7.8. எட்டு மில்லிமீட்டர்க் கண்ணாடி! கடைக்காரர் ஒன்றையும் விழுங்கவில்லை. நான்தான் கண் மதிப்பில் இரண்டு மில்லிமீட்டரை விழுங்கியிருந்தேன்.

இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்கக் கூடாது. கண்ணாடிப் பலகை வளையும்போது அதில் உண்டாகும் இழுவிசை, கனத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக நிற்கும். எட்டுக்குப் பதில் ஆறு போட்டால், அதே பாரத்துக்கு இழுவிசை 64-க்கு 36 என்ற விகிதத்தில் ஏறும். அதாவது முக்கால் பங்குக்கு மேல் அதிகம். தொய்வோ கனத்தின் கன அளவைப் பொறுத்தது. அது இரண்டேகால் மடங்குக்கும் மேல். நான்கு மூலைகளில் மட்டும் நின்று, நடுவில் தாங்குவார் இல்லாத கண்ணாடியின் மேல் ஒரு குழந்தை ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணியபோது எனக்கு வியர்த்துவிட்டது.

காலிபர் இல்லாத வீட்டில் தராசு உதவும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரைக் கிலோ நிறை இருக்கும். எங்கள் மேஜைக் கண்ணாடியின் பரப்பு ஏறக்குறைய 0.74 சதுர மீட்டர். எட்டு மில்லிமீட்டரானால் பதினைந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆறானால் பதினொன்று சொச்சம். ஆள் நிறை பார்க்கும் இயந்திரமே இந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

அந்தத் துண்டிலிருந்து பெரியவர் இன்னொரு விஷயத்தையும் கண்டுபிடித்தார். "இவ்வளவு பெரிய துண்டாக, கத்திபோல் உடைந்திருக்கிறதே, இது சாதாரணக் கண்ணாடி. பதப்படுத்தியதாக இருந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும்" என்றார். கண்ணாடியைச் சூடேற்றி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்தால் அதன் வலிமை ஏறக்குறைய நான்கு மடங்காகும். உடைந்தாலும் கற்கண்டுபோல் சிதறும். ஆனால் கனம் மாறாது. ஆகையால் இதைக் காலிபர் சொல்லாது. ஒட்டுக் கண்ணாடியை மட்டும் ஓரளவு காட்டிக் கொடுக்கும்: இரண்டு மூன்று மில்லிமீட்டர்ப் பலகைகளின் நடுவே 0.38 மில்லிமீட்டர்ப் படலம் வைத்து ஒட்டியதானால் மொத்தம் 6.4-க்குச் சமீபமாக வரும். தனிப் பலகை எதுவும் சாதாரணமாக அந்த அளவில் நிற்பதில்லை. விளிம்பை உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு மெல்லிய கோடும் தெரியும்.

எட்டு மில்லிமீட்டரிலேயே பதப்படுத்தியதாகச் செய்யச் சொன்னேன். பதப்படுத்திய பின் அதை அறுக்கவோ சாணை பிடிக்கவோ முடியாது என்பதால், நீள அகலத்தை இம்முறை மூன்று தரம் அளந்து, எழுதியே கொடுத்தேன். முன்பு வந்த ஆறு மில்லிமீட்டர்க் கண்ணாடி வீண்போகவில்லை. என் எழுத்து மேஜைக்கு ஏற்ப அறுத்து, ஓரம் சாணை பிடித்துப் போட்டாயிற்று. அடியில் மரப்பலகை முழுவதும் தாங்கும்போது ஐந்து, ஆறு மில்லிமீட்டர் தாராளம்; கண்ணாடி தானே பாரம் சுமக்கும் மேஜைக்குத்தான் எட்டு, பத்து, பன்னிரண்டு என்று போக வேண்டும்.

காலிபர் கையில் இருக்கையில் ஜன்னல்களையும் விடுவானேன்? எங்கள் வீட்டு ஜன்னல் கதவுகளில் ஓரடிக்கு ஒன்றரையடிக் கண்ணாடிகள். இந்த அளவுக்கு மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் வழக்கம். பெரிய ஜன்னலுக்கு ஐந்து, ஆறு. சட்டத்தில் பதிந்த கண்ணாடியைக் காலிபரால் பிடிக்க முடியாது. பென்சில் நுனியைக் கண்ணாடிமேல் தொட்டுச் சாய்வாகப் பார்த்தால், முன்பக்கப் பிம்பம் நுனியை ஒட்டியும் பின்பக்கப் பிம்பம் சற்று விலகியும் தெரியும். கனம் தெரிந்த ஒரு கண்ணாடியில் அதே சாய்வில் பார்த்து, இடைவெளிகளை ஒப்பிடலாம். மூன்றையும் ஆறையும் பிரித்தறிய இது போதும். ஐந்தையும் ஆறையும் பிரிக்கப் போதாது.

விரிசல் கண்ட பழைய கண்ணாடி ஒன்றை மக்கு நீக்கிக் கழற்றினோம். ஒரு விளிம்பில் 2.7, எதிர் விளிம்பில் 3.0. கண்ணாடி காலக்கிரமத்தில் வழிந்து கீழே கனத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள், அது கட்டுக்கதை. மிதவை முறைக்கு முந்திய கண்ணாடி, செய்யும்போதே இப்படி ஏற்றத்தாழ்வாக அமைவதுண்டு. அக்காலத்தில் கனத்தைச் சதுர அடிக்கு இத்தனை அவுன்ஸ் என்று எடையால் சொன்னார்கள். இருபத்துநாலு அவுன்ஸ் கண்ணாடி என்பது கணக்குப்படி 2.9 மில்லிமீட்டர். எங்கள் ஜன்னலில் இருந்தது அதுவாகவே இருக்க வேண்டும்.

நான்கு மில்லிமீட்டராகவே போட்டுவிடலாமே என்றேன். பெரியவர் சட்டத்தின் காடியில் விரலை ஓட்டிப் பார்த்தார். "நாலு உட்கார்ந்தால் மக்கு வைக்க இடம் இருக்காது, ஐயா" என்று சொல்லி, மூன்று மில்லிமீட்டர்ப் பலகையில் அறுவைக்கோடு கிழித்தார்.