ஒரு கேப்சூலுக்குள் எத்தனை கிராம் காப்பி?

2016ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் மாநகராட்சி ஒரு கொள்முதல் விதியைக் கொண்டுவந்தது. நகரின் வரிப்பணத்தில் இனி கேப்சூல் காப்பி மெஷின்களை வாங்கக் கூடாது என்றது அந்த விதி. பாட்டில் தண்ணீரும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டிகளும் அதே பட்டியலில் இருந்தன. மாநகராட்சி சொன்ன காரணம் எளியது: 6 கிராம் காப்பியை விற்க 3 கிராம் பொதி செலவாகிறது.

ஐரோப்பாவின் பல வீடுகளில் காலைக் காப்பியே இந்தக் கேப்சூலில்தான் தொடங்குகிறது. நெஸ்லேயில் பணியாற்றிய சுவிஸ் பொறியாளர் எரிக் ஃபாவ்ர் 1976இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பத்து ஆண்டு கழித்து, 1986இல், நெஸ்பிரெசோ என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. வறுத்து அரைத்த தூளைச் சிறிய அலுமினியக் கிண்ணத்தில் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடிவிடுகிறார்கள். மெஷினில் வைத்து அழுத்தினால் ஊசிகள் ஒரு பக்கம் துளையிட, சூடான நீர் பெரும் அழுத்தத்தில் உள்ளே பாய்கிறது. மறுபக்கத்தில் இருக்கும் தகடு கிழிந்து காப்பி கொட்டுகிறது. அரைக்க வேண்டாம், அளக்க வேண்டாம், கழுவ வேண்டாம். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

அமெரிக்காவின் கியூரிக் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த 'கே-கப்' வேறு வகை. அது பிளாஸ்டிக் கிண்ணம். உள்ளே காகித வடிகட்டியும் ஏறத்தாழ 10 கிராம் தூளும் இருக்கும். அழுத்தம் குறைவு என்பதால் எஸ்பிரெசோவின் அடர்த்தி வராது. பெரிய கோப்பை நிறைய இளங்காப்பி கிடைக்கும்.

இதற்கெல்லாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பது கடையில் சட்டென்று கண்ணில் படாது. தூள் பொட்டலத்தின் விலையைக் கிலோவில் பார்த்துப் பழகியிருக்கிறோம். கேப்சூலின் விலையோ எண்ணிக்கையில் எழுதப்படுகிறது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற நிறுவனத்தின் அலுமினியக் கேப்சூல் ஒன்று 50 யூரோ சென்ட்டை ஒட்டி விற்கிறது. காப்பி ஒன்றுக்கு அரை யூரோ என்றால் அதிகமாகத் தெரியாது. கஃபேயில் அதைப்போல் பல மடங்கு கொடுக்கிறோமே என்று மனம் சமாதானமாகிவிடும்.

அதையே கிலோவாக மாற்றிப் பார்க்கலாம். ஒரு கேப்சூலில் சுமார் ஐந்தரை கிராம் தூள் இருக்கிறது. ஒரு கிலோ காப்பி வேண்டுமானால் 182 கேப்சூல்கள் வாங்க வேண்டும். விலை 91 யூரோ. நல்ல தரமான கொட்டையைக் கிலோ 20 யூரோ என்று வைத்துக்கொண்டால், அதே காப்பிக்கு நாலரை மடங்கு கொடுக்கிறோம். எஸ்பிரெசோ மெஷினில் கோப்பைக்கு 7 கிராம் தூள் போட்டாலும் செலவு 14 சென்ட்தான்.

நாளுக்கு நான்கு கோப்பை குடிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,460 கோப்பை. கேப்சூலில் குடித்தால் 730 யூரோ. தூளில் குடித்தால் 204 யூரோ. ஆண்டுக்கு 500 யூரோவுக்கு மேல் வித்தியாசம். கேப்சூல் மெஷின் மலிவாகக் கிடைப்பதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. நிறுவனத்தின் வருமானம் மெஷினில் இல்லை, அதன்பின் மாதாமாதம் வாங்கும் கேப்சூலில் இருக்கிறது. அரைத்து, காய்ச்சி, ஊற்றித் தரும் தானியங்கி மெஷின் 500 யூரோ என்றாலும், இந்தக் குடும்பம் ஓராண்டில் அந்தப் பணத்தை மீட்டுவிடும். அடுப்பில் வைக்கும் இத்தாலிய மோக்கா பாத்திரத்துக்கு அந்த முதலீடும் தேவையில்லை.

கேப்சூல் நியாயமாக வெல்லும் இடமும் ஒன்று உண்டு. அரைத்த தூளின் பொட்டலத்தைத் திறந்ததும் மணம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். தனியாக வசிப்பவர், வாரத்துக்கு மூன்று நான்கு கோப்பைதான் குடிப்பவர், கால் கிலோ பொட்டலத்தை முடிப்பதற்குள் பாதித் தூள் மணமிழந்துவிடும். காற்றுப் புகாத கேப்சூலோ பல மாதம் அப்படியே இருக்கும். தூக்கி எறியும் தூளையும் கணக்கில் சேர்த்தால், இவருக்குக் கேப்சூலின் கூடுதல் விலை கணிசமாகக் குறைந்துவிடும்.

கழிவின் கதை இதைவிடச் சிக்கலானது. ஒரு காலிக் கேப்சூலில் இருக்கும் அலுமினியம் சுமார் ஒரு கிராம். மேலே சொன்ன குடும்பத்தில் ஆண்டுக்கு ஒன்றரைக் கிலோ சேரும். அலுமினியத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கிப் பயன்படுத்தலாம். தாதுவிலிருந்து புதிதாக எடுக்கச் செலவாகும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு போதும். ஆகவே 'மறுசுழற்சிக்கு உரியது' என்று பெட்டியில் அச்சிடுவது பொய்யல்ல. ஆனால் அந்தச் சொல் உலோகத்தின் தன்மையைத்தான் சொல்கிறது. நம் கையிலிருக்கும் கேப்சூல் உலைவரை போய்ச் சேருமா என்பது வேறு கேள்வி.

குப்பை பிரிக்கும் ஆலையில் முதல் வேலை சல்லடை. மண், கண்ணாடித் துண்டு, உணவுத் துகள் எல்லாம் கீழே விழ வேண்டும் என்பதற்காகத் துளைகள் இருக்கும். கேப்சூல் சிறியது, அவற்றோடு சேர்ந்து தானும் விழுந்துவிட வாய்ப்பு அதிகம். தப்பித்து மேலே போனாலும் உள்ளே ஈரச் சக்கை இருக்கிறது. உலோகத்தைவிடச் சக்கையின் எடை பல மடங்கு. பிளாஸ்டிக் கிண்ணமாக இருந்தால் அலுமினிய மூடி, காகித வடிகட்டி, சக்கை, பிளாஸ்டிக் என்று நான்கும் ஒட்டிக்கிடக்கும். யாராவது பிரித்தால்தான் பயன்.

இதனால்தான் நிறுவனங்கள் தனி வழி போட்டுக்கொள்கின்றன. சுவிட்சர்லாந்தில் சேகரிப்பு மையங்களில் கொடுக்கும் கேப்சூல்களை நசுக்கி, அலுமினியத்தை உருக்கவும் சக்கையை எரிவாயு தயாரிக்கவும் பிரித்து அனுப்புகிறார்கள். பிரிட்டனில் நெஸ்லேயும் ஜேக்கப்ஸ் டவ் எக்பர்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 2021இல் 'பாட்பேக்' என்ற பொதுச் சேகரிப்புத் திட்டத்தைத் தொடங்கின. இந்த வழிகள் நன்றாகவே வேலை செய்கின்றன, கேப்சூலைப் பையில் சேர்த்துவைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கு.

அப்படி வழி இல்லாத ஊரில் என்ன ஆகும் என்பதைக் கனடா காட்டியது. மூடியை உரித்து, சக்கையைக் கொட்டிவிட்டால் கே-கப்பை மறுசுழற்சிக்குப் போடலாம் என்று கியூரிக் கனடா விளம்பரம் செய்தது. அந்நாட்டின் போட்டி ஆணையம் விசாரித்தபோது, கியூபெக், பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய இரு மாநிலங்களுக்கு வெளியே பெரும்பாலான நகராட்சிகள் அதை ஏற்பதே இல்லை என்று தெரியவந்தது. ஏற்கும் சில ஊர்களிலும் உரித்துக் கொட்டுவது மட்டும் போதவில்லை. 2022 ஜனவரியில் நிறுவனம் 30 லட்சம் கனடிய டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. 2024இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமும் தாய் நிறுவனத்துக்கு 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நாட்டின் மிகப்பெரிய மறுசுழற்சி நிறுவனங்களில் இரண்டு, இது வணிக ரீதியாகக் கட்டுப்படியாகாது என்று கவலை தெரிவித்திருந்தும், ஆண்டறிக்கையில் அதைச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு.

'மட்கும் கேப்சூல்' என்ற எழுத்தையும் இதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஐரோப்பாவில் இதற்கான பொதுத் தரம் இஎன் 13432. அது தொழிற்சாலை முறையில் உரமாக்குவதற்கான தரம். அந்த ஆலைகளில் வெப்பம் 60 டிகிரியை நெருங்கும். வீட்டுத் தொட்டி அவ்வளவு சூடாவதில்லை. அங்கே போட்ட கேப்சூல் மாதக்கணக்கில் உருவம் மாறாமல் கிடக்கும். வீட்டுத் தொட்டியிலேயே மட்கும் என்று தனியாகச் சான்று பெற்றவையும் வந்திருக்கின்றன. பெட்டியில் அந்தச் சான்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கூடே இல்லாத வகைகளும் உண்டு. காகிதப் பையில் 7 கிராம் தூளை வட்டமாக அழுத்திய 'ஈஎஸ்ஈ' பாட், சக்கையோடு அப்படியே உரக்குழிக்குப் போகும். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனி பளபளப்பு உறையில் போட்டு விற்பதுண்டு. அந்த உறை குப்பைதான். சுவிட்சர்லாந்தின் மிக்ரோஸ் நிறுவனம் 2022இல் கொண்டுவந்த 'காஃபிபி' இன்னும் ஒரு படி முன்னே போனது. காப்பியையே உருண்டையாக அழுத்தி, கடற்பாசியிலிருந்து எடுத்த மெல்லிய பூச்சு தடவியிருக்கிறார்கள். அதற்குத் தனி மெஷின் வேண்டும்.

மெஷினை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்குச் செலவு, குப்பை இரண்டையும் சேர்த்துக் குறைப்பது திரும்ப நிரப்பும் எஃகுக் கேப்சூல். விலை 25 யூரோ என்று கொண்டால், கோப்பைக்கு 39 சென்ட் மிச்சமாகி 64 கோப்பையில் பணம் திரும்பிவிடும். முதலில் கொஞ்சம் பழக வேண்டும். தூள் கரகரப்பாக இருந்தால் காப்பி சில நொடிகளில் வெளிறிய நிறத்தில் ஓடிவிடும், நுரை நிற்காது. மிக மென்மையாக இருந்தால் மெஷின் முனகும், காப்பி சொட்டுச் சொட்டாக விழும். விளிம்பில் தூள் ஒட்டியிருந்தால் ரப்பர் வளையம் பிடிக்காமல் நீர் பக்கவாட்டில் கசியும். இரண்டுக்கும் நடுவிலான அரைப்பைக் கண்டுபிடித்து, விளிம்புவரை நிரப்பி, லேசாக அழுத்தி, விளிம்பைத் துடைத்து மூட வேண்டும். ஆறவிட்டால் சக்கை இறுகிவிடும் என்பதால் குடித்த கையோடு கழுவிவிடுவது நல்லது.

தூள் காப்பி எப்போதும் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. கியூபெக் பல்கலைக்கழகத்தின் சிகூட்டிமி கிளை ஆய்வாளர்கள் 2023இல் பல முறைகளின் கரியமில உமிழ்வை ஒப்பிட்டார்கள். கேப்சூலைவிட மெஷினில் வடிக்கும் காப்பிதான் அதிக உமிழ்வுக்குக் காரணமாக இருந்தது. காரணம் தூளின் அளவு. ஒரே அளவு காப்பிக்கு வடிகாப்பியில் கூடுதல் தூள் செலவாகிறது. காப்பியின் உமிழ்வில் பெரும்பங்கோ அதைத் தோட்டத்தில் விளைவிப்பதில் இருக்கிறது. கேப்சூலில் தூளின் அளவு முன்பே கட்டுப்பட்டிருக்கிறது. ஜாடி நிறைய வடித்து, பாதியைத் தொட்டியில் ஊற்றும் வீட்டில் பொதியில் மிச்சப்படுத்தியது தூளில் போய்விடும். குடிக்கும் அளவுக்கு மட்டும் அளந்து போட்டால் இந்தக் குறை பெருமளவு நீங்கும்.

கேப்சூல் மெஷின்கள் இப்போது இந்தியாவிலும் விற்கின்றன. எஃகு ஃபில்டரில் டிக்காஷன் இறக்கும் வீட்டில் மிஞ்சுவது சக்கை மட்டுமே. அதுவும் செடிக்குப் போய்விடும். அங்கே மெஷின் வாங்க நினைப்பவர் கடையில் மூன்று கேள்வி கேட்கலாம். ஒரு கேப்சூலில் எத்தனை கிராம், அதன்படி கிலோ என்ன விலை, காலிக் கேப்சூலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடம் இதே ஊரில் இருக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தில் மூன்றாவது கேள்வியைச் சட்டமே எழுப்பத் தொடங்கியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய பொதிச் சட்டம் கேப்சூலையும் பொதி என்றே கணக்கிடுகிறது. 2030 முதல் அங்கே விற்கும் பொதிகள் மறுசுழற்சிக்கு ஏற்றவையாக இருந்தாக வேண்டும்.