நிறுவனங்கள் சேரும்போதும் பிரியும்போதும்

ஒரு நிறுவனம் இன்னொன்றோடு கலந்து மறைவது இணைப்பு. ஒரு நிறுவனத்தின் ஒரு தொழில் மட்டும் கழன்று தனி நிறுவனமாவது பிரிப்பு. ஹமாம் சோப்பைத் தயாரித்துவந்த டாடா எண்ணெய் ஆலை நிறுவனம், அதாவது டாம்கோ, 1990களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் லீவரில் சேர்ந்தது இணைப்புக்கு உதாரணம். டாம்கோவின் 15 பங்குகளுக்கு லீவரின் 2 பங்குகள் என்று பேசி முடித்தார்கள். ஐ.டி.சி.யின் ஓட்டல் தொழில் 2025 ஜனவரி 1 முதல் தனி நிறுவனமானது பிரிப்பு. 10 ஐ.டி.சி. பங்குகள் வைத்திருந்தவருக்கு ஓட்டல் நிறுவனத்தின் ஒரு பங்கு கிடைத்தது. பழைய 10 பங்குகளும் அவரிடமே இருந்தன.

இரண்டுக்கும் வழி ஒன்றுதான். எந்தச் சொத்து யாருக்குப் போகிறது, எந்தக் கடனை யார் ஏற்கிறார், எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்பதையெல்லாம் எழுதிய ஆவணத்துக்குத் ‘திட்டம்’ என்று பெயர். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 230 முதல் 232 வரையுள்ள பிரிவுகளின்படி அதைத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்திடம் கொண்டுபோக வேண்டும். முன்பு உயர் நீதிமன்றங்கள் செய்த வேலை இது. 2016 டிசம்பரில் தீர்ப்பாயத்துக்கு மாறியது. ஐ.டி.சி. இயக்குநர் குழு 2023 ஆகஸ்டில் எடுத்த முடிவுக்குக் கொல்கத்தா அமர்வின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. சிறு நிறுவனங்களுக்கும், தாய் நிறுவனத்தோடு சேரும் முழு உடைமைத் துணை நிறுவனங்களுக்கும் தீர்ப்பாயம் போகாத குறுக்கு வழி ஒன்று உண்டு.

பங்குதாரரைவிடக் கடன் கொடுத்தவருக்கே இதில் கவலை அதிகம். நல்ல லாபம் தரும் தொழில் புதிய நிறுவனத்துக்குப் போய், கடன் மட்டும் பழைய நிறுவனத்தில் தங்கிவிட்டால் வங்கியும் சரக்குக் கொடுத்த வியாபாரியும் யாரிடம் போவார்கள்? அதனால்தான் பங்குதாரர்களைப் போலவே கடன் கொடுத்தவர்களையும் கூட்டி வாக்கெடுக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடுகிறது. அடமானம் பிடித்துக் கடன் கொடுத்தவர்களும் அடமானம் இல்லாதவர்களும் தனித்தனி வகுப்பு, கூட்டமும் தனித்தனி.

திட்டம் நிறைவேற இரண்டு கணக்குகள் சேர்ந்து தேற வேண்டும். வாக்களித்தவர்களில் தலைக்கணக்கில் பெரும்பான்மை வேண்டும். அவர்களுக்கு வர வேண்டிய கடன் தொகை, வாக்களித்த எல்லாருக்கும் வர வேண்டிய தொகையில் நான்கில் மூன்று பங்காகவும் இருக்க வேண்டும். ஒரு வகுப்பில் 10 பேர் வாக்களித்து, அவர்களின் கடன் மொத்தம் 80 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். குறைந்தது 6 பேர் ஆதரிக்க வேண்டும். அந்த ஆதரவில் 60 கோடியாவது இருக்க வேண்டும். 9 பேர் சரி என்று சொல்லி, 25 கோடி கொடுத்த ஒரே ஒரு வங்கி மறுத்தால் ஆதரவு 55 கோடிதான். திட்டம் அங்கேயே விழுந்துவிடும். நடைமுறையில் நிறுவனங்கள் பெரிய வங்கிகளிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். தொகையில் 90 சதவீதத்துக்கு உரியவர்கள் பிரமாணப் பத்திரத்தில் சம்மதம் எழுதிக் கொடுத்தால், கூட்டமே வேண்டாம் என்றும் தீர்ப்பாயம் விட்டுவிடலாம்.

சிறிய கடன் கொடுத்தவரின் நிலை அவ்வளவு தெம்பானதல்ல. வாக்கு அவருக்கும் உண்டு. ஆனால் இந்தப் பிரிவின் கீழ் ஆட்சேபம் எழுப்ப, நிறுவனத்தின் மொத்தக் கடன் பாக்கியில் 5 சதவீதமாவது ஒருவருக்கு வர வேண்டியிருக்க வேண்டும். பங்குதாரருக்கு இது 10 சதவீதப் பங்கு. தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்த பிறகு, எதிர்த்து வாக்களித்தவரையும் திட்டம் கட்டுப்படுத்தும்.

அப்படியானால் தீர்ப்பாயம் எதைத்தான் பார்க்கிறது? டாம்கோ வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் இன்றும் நிற்கிறது. பங்கு மாற்று விகிதம் சரியில்லை, மதிப்பிட்ட கணக்காளர் டாம்கோவின் இயக்குநராகவும் இருந்தார் என்று எதிர்த்தவர்கள் வாதாடினார்கள். பெரும்பான்மைப் பங்குதாரர்கள் விவரம் அறிந்து ஏற்றுக்கொண்ட விகிதத்தை நீதிமன்றம் பைசா பைசாவாக மறுபடி கணக்குப் பார்க்காது என்று சொல்லி, அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டத்தின் படிகள் நடந்தனவா, உண்மைகள் மறைக்கப்பட்டனவா, திட்டம் நியாயமானதா, பொதுநலனுக்குக் கேடா என்பதே அதன் ஆய்வு. வருமான வரித் துறை, நிறுவனப் பதிவாளர், தேவைப்பட்டால் ரிசர்வ் வங்கி, செபி போன்றவற்றுக்கும் அறிவிப்பு போகும். சொல்ல வேண்டியதை அவை 30 நாளுக்குள் சொல்ல வேண்டும்.

ஒப்புதல் கிடைத்துவிட்டால் சொத்து, கடன், நடந்துகொண்டிருக்கும் வழக்கு எல்லாம் உத்தரவின் பலத்திலேயே கைமாறுகின்றன. ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு பள்ளம் உண்டு. ஜெனரல் ரேடியோ என்ற நிறுவனம் ஹைதராபாத்தில் ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வேறொருவருக்கு விடக்கூடாது என்பது வாடகை ஒப்பந்தத்தின் நிபந்தனை. 1968இல் பம்பாய் உயர் நீதிமன்ற ஒப்புதலோடு அந்த நிறுவனம் நேஷனல் எக்கோவுடன் இணைந்தது. கட்டட உரிமையாளர்கள் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார்கள். நீதிமன்ற உத்தரவால் வந்த மாற்றம், எங்கள் விருப்பத்தால் வந்ததல்ல என்று நிறுவனம் வாதாடியது. அந்த உத்தரவைக் கேட்டு வாங்கியதே நிறுவனம்தான் என்றது உச்ச நீதிமன்றம். 1986இல் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே கவனமான வழக்கறிஞர்கள் திட்டம் எழுதும் முன்பே வாடகை, உரிமம், கடன் ஒப்பந்தங்களைப் புரட்டி, ‘சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது’ என்ற வரியைத் தேடுகிறார்கள். எதிர்த்தரப்பின் சம்மதக் கடிதத்தை முதலிலேயே வாங்கி வைப்பதுதான் மலிவான வழி.

ஊழியர் இயந்திரத்தைப் போலக் கைமாறுவாரா? மாறமாட்டார் என்று 1940இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு சுரங்கத் தொழிலாளியின் வழக்கில் சொன்னது. யாரிடம் வேலை செய்வது என்பது அவரவர் சம்மதம் என்றது. இந்தியச் சட்டம் இந்தக் கேள்வியைப் பணத்தால் தீர்க்க முயல்கிறது. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப்.எஃப். பிரிவு, தொழில் கைமாறும்போது ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஆட்குறைப்புக்கு நிகரான இழப்பீடு தரச் சொன்னது. மூன்றும் சேர்ந்து இருந்தால் மட்டும் அது வேண்டாம்: பணி இடையில் அறுபடக் கூடாது, சம்பளமும் நிபந்தனையும் குறையக் கூடாது, பிற்காலத்தில் ஆட்குறைப்பு நடந்தால் பழைய ஆண்டுகளையும் சேர்த்து இழப்பீடு தரப் புதிய முதலாளி கடமைப்பட்டிருக்க வேண்டும். இதே பாதுகாப்பு 2020ஆம் ஆண்டு தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் ஊழியர் பத்தி ஒரே அச்சில் வார்த்ததுபோல இருப்பது இதனால்தான்.

டாம்கோ வழக்கிலும் அப்படியொரு பத்தி இருந்தது. வேடிக்கை என்னவென்றால், வழக்குக்குப் போனது வாங்கிய நிறுவனமான லீவரின் தொழிற்சங்கம். புதிதாக வருபவர்களுக்குப் பாதுகாப்பு எழுதியிருக்கிறது, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இல்லை என்பது அதன் குறை. இருப்பவர்களின் நிபந்தனைகள் இணைப்பால் மாறவில்லை என்று சொல்லி நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஆள் மிகுந்து பிறகு வேலை போகுமோ என்ற அச்சத்துக்கு இணைப்பு வழக்கில் பதில் கிடைப்பதில்லை; அது தொழிலாளர் சட்டத்தின் களம்.

நிறுவனம் கைமாறும் ஊழியர்கள் திட்டத்தின் நகலில் தங்களுக்கான பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது ‘பணித் தொடர்ச்சி’ என்ற உறுதி. பழைய நிறுவனத்தில் 4 ஆண்டு, புதியதில் 2 ஆண்டு வேலை செய்தவருக்கு 5 ஆண்டு நிபந்தனை கொண்ட பணிக்கொடை கிடைக்குமா என்பது அந்த வரியில் இருக்கிறது. பழைய நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்வது அவரவர் பொறுப்பு.