விட்ட இடத்தில், விட்ட மொழியில்: சாட் செயலி பழைய பேச்சைத் தொடரும் விதம்

சாட்ஜிபிடி போன்ற உரையாடல் செயலியில் பாதியில் விட்ட பேச்சை ஐந்து நாள் கழித்துத் திறந்து, "முன்பு பேசிய மொழியிலேயே தொடரவும்" என்று கேட்க முடியும். பெரும்பாலும் அது அப்படியே தொடரும். சில சமயம் வேறு மொழிக்குத் தாவிவிடும். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இந்தத் தாவல் எளிதாக நிகழும். பேச்சுக்குத் தமிழ், அரசு அலுவலகத்துக்குத் தெலுங்கு, கைபேசியில் தட்டச்சு செய்ய ஆங்கில எழுத்து என்று ஒருவரே மூன்றையும் கையாளும் ஊர்கள் இவை.

செயலியின் உள்ளே இருக்கும் மொழி மாதிரிக்கு இடையில் போன ஐந்து நாள் தெரியாது. அது பேச்சை நினைவில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. பயனர் எழுதியதும் அது சொன்ன பதில்களும் நிறுவனத்தின் கணினியில் உரையாகச் சேமிக்கப்பட்டிருக்கும். புதிதாக ஒரு வரி எழுதி அனுப்பும்போது, அந்தப் பழைய உரையோடு புதிய வரியையும் சேர்த்து மாதிரியிடம் கொடுக்கிறார்கள். மாதிரி அதை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் படித்து, அடுத்து வர வேண்டிய சொற்களைக் கணிக்கிறது. ஒரு நிமிடம் கழித்துத் தொடர்ந்தாலும் ஒரு மாதம் கழித்துத் தொடர்ந்தாலும் நடப்பது இதுதான். ஆகவே "முன்பு பேசிய மொழி" எது என்பதை மாதிரி அந்த உரையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உரை முழுவதும் தமிழாக இருந்தால் சிக்கலே இல்லை. கலந்திருந்தால் கடைசியாக வந்த வரிகளும் புதிய வரியின் மொழியும் பலமாக இழுக்கும்.

சித்தூர் அருகே தோத்தாபுரி மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பழ ஈயைப் பிடிக்க மெத்தில் யூஜினால் வைத்த பொறியை எப்படிக் கட்டுவது என்று அவர் தமிழில் கேட்கிறார். தோப்பில் எண்பது மரம் என்பதையும் சொல்கிறார். செயலி தமிழில் ஐந்து படிகளாக விளக்கத் தொடங்குகிறது. மூன்றாம் படி முடிந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு, தோட்டக்கலைத் துறையின் தெலுங்கு அறிவிப்பு ஒன்றை ஒட்டி, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். அறிவிப்பு நீளமானது; பதிலும் தெலுங்கிலேயே வந்துவிடுகிறது. அவருக்கு அது புரிந்ததால் அதைப் பொருட்படுத்தவில்லை. ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்து `next` என்று மட்டும் எழுதுகிறார். இப்போது வரும் பதில் தெலுங்கில், அறிவிப்பைப் பற்றியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த ஒற்றைச் சொல்லில் தமிழுக்கான தடயமும் இல்லை, பழ ஈக்கான தடயமும் இல்லை. இதைச் செயலியின் பிழை என்று சொல்வது முழுக்கச் சரியாகாது.

"முன்பு பேசிய மொழியில் தொடரவும்" என்று அவர் எழுதியிருந்தாலும் ஐயம் தீராது. முன்பு என்பது பழ ஈயைப் பற்றிய பகுதியா, அறிவிப்பைப் பற்றிய பகுதியா? ஆங்கில எழுத்தில் தட்டினால் குழப்பம் இன்னும் கூடும். `meedhi` என்று மட்டும் எழுதினால், தமிழ்க்காரர் மிச்சத்தைக் கேட்கிறார். தெலுங்கில் ஏறக்குறைய அதே ஒலிக்கு 'உங்களுடையது' என்று பொருள். `meedhi sollu` என்று இன்னொரு சொல் சேர்ந்ததும் தமிழ் என்பது தெளிவாகிவிடும். ஆனாலும் பதில் தமிழ் எழுத்தில் வர வேண்டுமா, ஆங்கில எழுத்தில் வர வேண்டுமா என்பது மாதிரியின் ஊகத்துக்கே விடப்படுகிறது.

ஆகையால் மொழி, எழுத்து, இடம் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்பதே பலிக்கும் வழி. மாந்தோப்புக்காரர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "தமிழில், தமிழ் எழுத்தில் தொடரவும். பழ ஈப் பொறி பற்றிய பதிலில் நான்காம் படியிலிருந்து சொல்லவும். அறிவிப்பை விட்டுவிடவும்." இந்த வரியே தமிழில் இருப்பதும் உதவும்.

மொழி சரியாக வந்தும் பொருள் பிசகுவது இன்னொரு வகைக் கோளாறு. அதற்குக் காரணம் நீளம். மாதிரி ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உரைக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சூழல் சாளரம் என்பர். அதன் அளவு டோக்கன் என்ற சிறு துண்டுகளில் எண்ணப்படும். 2023 மார்ச்சில் வந்த ஜிபிடி-4 மாதிரியின் அடிப்படை வடிவத்துக்கு இந்த எல்லை 8,192 டோக்கன். பிறகு வந்தவற்றில் இது பல மடங்கு பெருகியது. தமிழும் தெலுங்கும் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைபடுவதால், அதே பேச்சு இம்மொழிகளில் எல்லையை முன்னதாகவே தொட்டுவிடும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது ஓபன்ஏஐ நிறுவனம் காட்டிய எடுத்துக்காட்டு வாசகம், துண்டாக்கும் பழைய முறையில் தமிழில் 116 டோக்கனாகவும் தெலுங்கில் 159 டோக்கனாகவும் இருந்தது. புதிய முறையில் அவை 35, 45 எனக் குறைந்தன. ஆங்கிலத்தில் அது 27லிருந்து 24 ஆனது. இடைவெளி வெகுவாகச் சுருங்கினாலும் மறையவில்லை.

எல்லை தாண்டினால் செயலிகள் பழைய பகுதியை வெட்டிவிடும், அல்லது சுருக்கமாக்கி வைத்துக்கொள்ளும். திரையில் மேலே நகர்த்திப் பார்த்தால் பயனருக்கு எல்லாம் தெரியும். மாதிரிக்குப் போவதோ எஞ்சியது மட்டும். தமிழ்ப் பகுதி இப்படி வெட்டுப்பட்டு, தெலுங்கு அறிவிப்பு மட்டும் மிஞ்சியிருந்தால், முன்பு பேசிய மொழி தெலுங்கு என்றே மாதிரி கொள்ளும். இதைக் கண்டறியத் தொடர்வதற்கு முன் ஒரு கேள்வி போதும்: "என் தோப்பில் எத்தனை மரம் என்று சொன்னேன்?" எண்பது என்று வந்தால் முதல் பகுதி இன்னும் பார்வையில் இருக்கிறது. வேறு எண் வந்தால் அது ஊகம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது இம்மாதிரிகளின் இயல்பு என்பதால், கேட்பவருக்கு விடை தெரிந்த கேள்வியாகவே இருக்க வேண்டும். முதல் பகுதி போய்விட்டது என்று தெரிந்தால், மேலே போய்ப் பழைய தமிழ்ப் பதிலை நகலெடுத்துப் புதிய உரையாடலில் ஒட்டி, அங்கிருந்து தொடரலாம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய தேவை ஒன்று உண்டு. தெலுங்கு வழியில் படித்த தமிழர் பலருக்குத் தமிழ் பேச வரும், தமிழ் எழுத்துப் படிக்க வராது. அவர்களுக்கு வேண்டியது தெலுங்கு எழுத்தில் தமிழ். அதையும் கேட்டுப் பெறலாம். ஆனால் அப்படி எழுதப்பட்ட உரை மாதிரியின் பயிற்சியில் குறைவு என்பதால், சில பத்திகளுக்குப் பின் அது தானாகவே தெலுங்கு மொழிக்குச் சரிந்துவிடும். எழுத்து மாற்றத்திலும் பிழை வரும். 'பம்பரம்' என்பதில் இரண்டு 'ப'வும் தமிழில் ஒரே எழுத்து, ஒலி வேறு. தெலுங்கில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் இரண்டாவது 'ப'வும் வல்லொலியாகி, உரக்கப் படிக்கும்போது சொல் இடறும். அத்தகைய பதிலை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே சோதனை. சரிவு தொடங்கியதும் "பேச்சுத் தமிழ், தெலுங்கு எழுத்து" என்று திரும்பவும் சொல்ல வேண்டும். நீண்ட பேச்சில் இதை ஒரு முறை சொன்னால் போதாது. சில பதில்களுக்கு ஒரு தடவை நினைவூட்ட வேண்டியிருக்கும்.