முதல் ரிலீஸில் எது வரும்?

கேரி லெவிட் ஓர் இசைக்கலைஞர். இசைக்குழுக்களுக்கும் அவற்றின் மேனேஜர்களுக்கும் கைகொடுக்கும் இணையச் சேவை ஒன்றைத் தொடங்க நினைத்தார். மிமி என்று பெயரும் வைத்துவிட்டார். ‘மியூசிக் இண்டஸ்ட்ரி மார்க்கெட்டிங் இன்டர்ஃபேஸ்’ என்பதன் சுருக்கம். மென்பொருள் எழுத ஆள் வைத்து வேலையும் தொடங்கியாயிற்று. பணம் கரைந்துகொண்டே போனது. வேலை முடிகிற வழியாக இல்லை. அந்த நிலையில்தான் ஜெஃப் பேட்டன் என்ற ஆலோசகரிடம் யோசனை கேட்டார். இந்தக் கதையைப் பேட்டன் 2014இல் வெளியான ‘யூசர் ஸ்டோரி மேப்பிங்’ என்ற தன் புத்தகத்தில் சொல்லியிருக்கிறார்.

கேரியிடம் பட்டியல் இல்லாமல் இல்லை. செய்ய வேண்டிய வேலைகளை முக்கியத்துவப்படி அடுக்கிய பட்டியல் இருந்தது. மென்பொருள் துறையில் இதை ‘பேக்லாக்’ என்பார்கள். மேலே இருப்பதை முதலில் செய், முடிந்ததும் அடுத்ததை எடு என்பது முறை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு இது பெரும்பாலும் போதும். புதிதாகப் பிறக்கும் ஒன்றுக்குத்தான் இது கால்வாருகிறது. பட்டியலில் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக நிற்கிறது. எதற்குப் பின் எது வரும், எது இல்லாவிட்டால் எது வீண் என்பது அதில் தெரியாது. முதல் பத்து வேலைகளை ஒழுங்காக முடித்த பிறகும், பயன்படுத்துகிறவர் ஒரு காரியத்தைக்கூடத் தொடங்கி முடிக்க முடியாமல் போகலாம்.

பேட்டன் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு கேரியைப் பேசச் சொன்னார். யார் இதைப் பயன்படுத்துவார்கள்? அவர் முதலில் என்ன செய்வார்? பிறகு? பேசப் பேச ஒவ்வொரு செயலும் ஓர் அட்டையில் ஏறியது. கடைசியில் அட்டைகள் தரை முழுக்கப் பரவிக் கிடந்தன.

வைக்கும் முறை எளியது. பயனர் செய்யும் பெரிய காரியங்கள் மேல் வரிசையில், நடக்கும் ஒழுங்கில், இடமிருந்து வலமாக வரும். இதை ‘முதுகெலும்பு’ என்கிறார்கள். ஒவ்வொன்றின் கீழும் அதைச் செய்யும் சின்னச் சின்ன வழிகள் தொங்கும். இல்லாமல் முடியாதவை மேலே, இருந்தால் நன்று என்பவை கீழே. அட்டையில் வினைச்சொல் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பு தேவை. ‘டாஷ்போர்டு’, ‘லாகின் பக்கம்’ என்று எழுதினால் அது திரையின் பெயர், மனிதர் செய்யும் வேலை அல்ல. ‘எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்று பார்க்கிறார்’ என்று எழுதினால்தான், அது முதல் நாளே வேண்டுமா என்று கேட்கத் தோன்றும்.

மிமியின் அட்டைகள் தரையில் விரிந்தபோது கேரிக்கு ஒன்று புரிந்தது: அவர் நினைத்ததையெல்லாம் கட்டக் கையிலிருக்கும் பணம் போதவே போதாது. பட்டியலில் நீளமாக மட்டும் தெரிந்தது, தரையில் பரப்பாகத் தெரிந்தது. உடனே அடுத்த கேள்வி எழுந்தது: இத்தனை பேரில் ஒருவருக்கு மட்டும், ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் செய்தால் என்ன? இசைக்குழு மேனேஜர், தன் ரசிகர்களுக்குக் கச்சேரி நோட்டீஸை மெயிலில் அனுப்புவது. இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தத் துண்டை நாமே ஒருமுறை வரைந்து பார்க்கலாம். (இனி வரும் அட்டைகள் விளக்கத்துக்காக எழுதியவை, கேரியின் அசல் அட்டைகள் அல்ல.) முதுகெலும்பில் ஐந்து அட்டைகள்: மேனேஜர் கணக்குத் தொடங்குகிறார், கச்சேரி விவரத்தை எழுதுகிறார், நோட்டீஸை அழகுபடுத்துகிறார், ரசிகர் முகவரிகளைச் சேர்க்கிறார், அனுப்புகிறார். ‘அழகுபடுத்துகிறார்’ என்பதன் கீழ், தயார் வடிவம் ஒன்றை அப்படியே ஏற்கிறார் என்பது மேலே. குழுவின் படத்தை ஏற்றுகிறார் என்பது அதற்குக் கீழே. நிறம், எழுத்துரு எல்லாவற்றையும் மாற்றுகிறார் என்பது அடியில். முகவரிக்கும் அப்படியே: வெட்டி ஒட்டுகிறார், கோப்பாக ஏற்றுகிறார், ஊர்வாரியாகப் பிரிக்கிறார்.

இத்தோடு முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. மெயில் ரசிகரிடம் போய்ச் சேர்கிறது. அங்கே அவருடைய பயணம் தொடங்குகிறது. திறக்கிறார், படிக்கிறார், பிடிக்காவிட்டால் ‘இனி அனுப்பாதே’ என்கிறார். இந்தக் கடைசி அட்டையை மேனேஜரை மட்டும் நினைத்து எழுதிய பட்டியலில் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் அடிமட்டத்தில் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு ‘கேன்-ஸ்பாம்’ சட்டப்படி, வணிக மெயில் ஒவ்வொன்றிலும் விலகும் வழி இருக்க வேண்டும்; விலகக் கேட்டவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும். ஆகவே அந்த அட்டை முதல் ரிலீஸிலேயே வந்தாக வேண்டும். அதற்காகப் பெரிய வசதி கட்டத் தேவையில்லை. விலக நினைப்பவர் பதில் மெயில் அனுப்பட்டும், மேனேஜர் கையால் பெயரை நீக்கட்டும். 10 நாள் அவகாசம் அதற்குப் போதும். கையால் செய்யக்கூடியதை முதலில் கையாலேயே செய்வது வரைபடத்தில் எளிதாகத் தட்டுப்படும் சிக்கனம்.

இப்போது குறுக்கே ஒரு கோடு. ஒவ்வொரு பத்தியின் உச்சியிலிருந்தும் மெல்லிய அட்டை ஒன்றை மட்டும் கோட்டுக்கு மேலே நிறுத்துகிறார்கள். தயார் வடிவம் ஒன்று, வெட்டி ஒட்டிய முகவரிகள், அனுப்பும் பொத்தான், பதில் மெயிலில் விலகல். அசிங்கமாக இருக்கும், ஆனால் ஒரு கச்சேரிக்கு உண்மையாகவே கூட்டம் சேர்க்க உதவும். முனைக்கு முனை நடந்து காட்டும் இந்த மெலிந்த வடிவத்தை அலிஸ்டர் காக்பர்ன் ‘நடக்கும் எலும்புக்கூடு’ என்று அழைத்தார்.

கோடு எங்கே பிசகுகிறது என்பதையும் தரையிலேயே கண்டுபிடிக்கலாம். விரலை இடமிருந்து வலமாக நகர்த்தி, கோட்டுக்கு மேலே உள்ள அட்டைகளை மட்டும் கதையாகச் சொல்லிப் பார்ப்பார்கள். நடுவில் கதை அறுந்தால் அங்கே ஓட்டை. நோட்டீஸ் வடிவமைப்பின் கீழ் ஆறு அட்டைகள் மேலேறியிருக்கின்றன, முகவரியின் கீழ் ஒன்றுமில்லை என்றால், அழகான நோட்டீஸ் கணினியிலேயே உட்கார்ந்திருக்கும். வடிவமைப்பாளருக்குப் பிடித்த பத்தி கொழுப்பது, ஒருவருக்கும் பிடிக்காத பத்தி காய்வது என்பது அடிக்கடி நடப்பதுதான். இன்னொரு தவறு, மேல் வரிசை முடியும் முன்பே ஒரே பத்திக்குள் ஆழமாக இறங்கிவிடுவது. காலையில் தொடங்கிய கூட்டம் மாலையிலும் ‘கணக்குத் தொடங்குகிறார்’ அட்டையைத் தாண்டியிருக்காது.

கோட்டுக்கு மேலிருக்கும் அட்டைகள்தாம் முதல் பேக்லாக். கட்டும் வரிசை முழுக்க இடமிருந்து வலமாகப் போக வேண்டியதில்லை. எது கைவிடக்கூடுமோ அதை முன்னால் இழுப்பது நல்லது. அனுப்பும் மெயில் ரசிகரின் ஸ்பாம் பெட்டியில் விழுமோ என்ற சந்தேகம் இருந்தால், கணக்குத் தொடங்கும் பக்கத்துக்கு முன்பே அனுப்பும் பகுதியைக் கட்டிச் சோதிப்பார்கள். அட்டைகளைக் கணினிக்கு மாற்றும்போது இன்னொரு சிக்கல் வரும்: வேலைப்பட்டியல் மென்பொருள் பலவும் எல்லாவற்றையும் திரும்ப ஒற்றை வரிசையாக்கிவிடும். ஒவ்வொரு வேலையிலும் அது எந்த முதுகெலும்பு அட்டைக்குக் கீழே இருந்தது என்று குறித்து வைக்காவிட்டால், இரண்டாம் மாதத்தில் பழைய பட்டியல்தான் மிஞ்சும்.

எல்லா வேலையும் இந்தத் தரையில் இடம் பெறுவதில்லை. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான மெயில்களைத் தாங்கும் திறன், தரவைப் பத்திரப்படுத்துவது போன்றவை யாருடைய பயணத்திலும் தனிப் படியாக வராது. அவற்றை வேறு நிற அட்டையில் ஓரமாக எழுதிவைப்பது வழக்கம். அதைவிடப் பெரிய குறை, வரைபடம் அறைக்குள் இருப்பவர்களின் ஊகம் என்பது. ஒரு மேனேஜரை அழைத்து அட்டைகளின் முன் நிறுத்தி, போன கச்சேரிக்கு அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பாதி அட்டைகள் இடம் மாறும்.

மிமி பிறகு ‘மேட் மிமி’ என்ற பெயரில் வளர்ந்தது. மெயில் அனுப்பும் வசதி இசைக்குழுக்களைத் தாண்டிச் சிறு வணிகர்களிடமும் போய்ச் சேர்ந்தது. 2014இல் கோடேடி நிறுவனம் அதை வாங்கியது. மெயில் சந்தைப்படுத்தும் சேவை என்பதற்காகத்தான், இசைத்துறைக்கான முழுக் கருவி என்பதற்காக அல்ல.