இரண்டு படத்தில் இடுப்பளவு

முன்பக்கமாக நின்று ஒரு படம், பக்கவாட்டில் திரும்பி ஒரு படம். இவ்வளவை வைத்தே உங்கள் மார்பு, இடுப்பு அளவுகளைச் சொல்லும் செல்போன் செயலிகள் வந்துவிட்டன. படம் எடுக்கும் முன்பே அவை உங்கள் உயரத்தைக் கேட்கும். படத்தில் இருப்பது புள்ளிகள் மட்டுமே. உயரம் தெரிந்தால்தான் எத்தனை புள்ளி ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கிட முடியும்.

160 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண் படத்தில் 1,600 புள்ளி உயரம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 10 புள்ளி ஒரு சென்டிமீட்டர். இடுப்பு முன்பக்கமாக 28 செ.மீ. அகலம், பக்கவாட்டில் 20 செ.மீ. கனம் என்று தெரிகிறது. இடுப்பை நீள்வட்டமாகக் கொண்டால் சுற்றளவு ஏறக்குறைய 76 செ.மீ.

ஆனால் யாருடைய இடுப்பும் சுத்தமான நீள்வட்டம் இல்லை. முதுகுத்தண்டு உள்வாங்கியிருக்கும், வயிறு முன்தள்ளியிருக்கும். கேமராவுக்குத் தெரியாத அந்த வளைவுகளை, முன்பே முப்பரிமாண ஸ்கேன் செய்த ஆயிரக்கணக்கான உடல்களோடு ஒப்பிட்டுச் செயலி ஊகிக்கிறது. அதனால் அந்த உடல்கள் யாருடையவை என்பது மிக முக்கியம். இத்துறையில் பெரிதும் பயன்பட்ட 'சீசர்' தொகுப்பு அமெரிக்கா, நெதர்லாந்து, இத்தாலி மக்களை அளந்தது. நம் உடல்வாகு அதில் இல்லை. நம் நாட்டுக்கென 25,000 பேரை அளக்கும் திட்டத்தை தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் அறிவித்தது. அதற்குத் தேர்ந்த ஆறு நகரங்களில் பெங்களூருவும் ஒன்று.

பெரிய பிழை பெரும்பாலும் உடையால்தான் வருகிறது. அதே பெண் தளர்வான குர்த்தியோடு நின்று, அகலத்திலும் கனத்திலும் 2 செ.மீ. கூடித் தெரிந்தால், சுற்றளவு 82 செ.மீ. ஆகிவிடும். ரெடிமேடில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலும் 5 செ.மீ.தான் வித்தியாசம் என்பதால், ஒரு சைஸே மாறிப்போகும். உயரத்தை 3 செ.மீ. கூட்டிச் சொன்னால் இடுப்பில் ஒன்றரை செ.மீ. வரை கூடும். போனைச் சாய்த்துப் பிடித்தாலும் உடலின் விகிதம் கெடும். எனவே உடலை ஒட்டிய உடை, தூக்கிக் கட்டிய முடி, உடலிலிருந்து சற்று விலக்கிய கைகள், இடுப்பு உயரத்தில் நேராக நிறுத்திய போன் ஆகியவை அவசியம்.

இருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். அளவுகள் 2 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் நின்ற விதத்திலோ உடையிலோ கோளாறு இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் சரி என்று நம்பிவிடவும் முடியாது. தவறான உயரம் இரண்டு முறையும் ஒரே பிழையைத்தான் தரும். இடுப்பை ஒருமுறை டேப்பால் அளந்து ஒப்பிடுவதே சரியான சோதனை.

சில கடைகளின் செயலிகள் உங்கள் படத்தின் மேல் சட்டையைப் பொருத்திக் காட்டும். நிறமும் பாணியும் எடுப்பாக இருக்கிறதா என்று பார்க்க அது போதும். பல செயலிகளில் அந்தப் படம் உங்களை அளப்பதே இல்லை; எந்த சைஸிலும் சட்டை கச்சிதமாகவே தெரியும்.

டி-ஷர்ட், தளர்வான குர்த்தி வாங்க, கவனமாக எடுத்த ஸ்கேன் போதும். கை வளைவும் தோளும் கச்சிதமாக அமைய வேண்டிய புடவை ஜாக்கெட்டுக்கு, தையல்காரரிடம் அளவு ஜாக்கெட்டையே கொடுங்கள்.