நம்பிக்கை இடைவெளி: 95 எதைக் குறிக்கிறது?
கல்லூரிப் பாடநூலில் ‘நம்பிக்கை இடைவெளி’ என்று படிக்கும் மாணவர், அதை ஆய்வாளரின் மனஉறுதி என்று எண்ணிவிடலாம். எனவே சொல்லோடு எடுத்துக்காட்டும் வேண்டும்.

சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த 400 வாக்காளர்களில் 200 பேர் ஒரு திட்டத்தை ஆதரிக்கிறார்கள். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, ஏறத்தாழ 45 முதல் 55 சதவீதம் வரை. அந்த 95 இந்த ஓர் இடைவெளிக்கு உரியதல்ல, கணக்கிடும் முறைக்கு உரியது. மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்தால், கிடைக்கும் இடைவெளிகளில் நூற்றுக்குச் சுமார் 95, உண்மையான ஆதரவு விகிதத்தை உள்ளடக்கும்.

பி-மதிப்பை ‘முடிவு தற்செயலானது என்பதற்கான வாய்ப்பு’ என்று விளக்கினால் பிழை. ‘வேறுபாடு இல்லை’ என்ற கருதுகோள் சரியென்று வைத்துக்கொண்டால், கிடைத்த அளவோ அதைவிட விலகிய அளவோ வருவதற்கான நிகழ்தகவே அது.